எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் ஏன் வீங்குது? ஒரு பள்ளி வானியல் மன்றத்துல நடந்தது

## பின்னணி

ஒரு சின்ன ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி, எட்டாவது ஒன்பதாவது பசங்க சேர்ந்த வானியல் மன்றம். மாசத்துக்கு ரெண்டு தடவை சனிக்கிழமை கூடுவாங்க. அறிவியல் டீச்சர்தான் நடத்துறாங்க, நான் பக்கத்து ஊர்லேர்ந்து பைனாகுலரோட போய் கூட நிக்கிற ஆள், பசங்களுக்கு அண்ணா. கோள்கள், கிரகணம் எல்லாம் முடிஞ்சு ஜனவரில நட்சத்திரங்களோட வாழ்க்கைக்கு வந்தோம். அந்த மாசம் சாயங்காலமே ஓரியன் நட்சத்திரக் கூட்டம் கிழக்குல நல்லா மேல ஏறிடும்ங்கறதால டீச்சர் அந்த நேரத்தைப் பிடிச்சாங்க.

டெர்ம்ஸ் எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கட்டும்னு முன்னாடியே பேசி வச்சிருந்தோம். பசங்க போன்ல ஸ்கை மேப் ஆப் பாக்குறாங்க, வீடியோ பாக்குறாங்க, எல்லாத்துலயும் ரெட் ஜயன்ட், ஒயிட் ட்வார்ஃப், சூப்பர்நோவான்னுதான் வருது. அதனால பேரு அப்படியே, விளக்கம் முழுக்க தமிழ்ல. எழுதிப் போடறப்போ தமிழ் எழுத்துல போட்டோம், அதுல யாருக்கும் பிரச்சனை வரலை.

## ஆரம்பத்துல என்ன தெரிஞ்சுது

பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி டீச்சர் ஒரு வேலை குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு தாள், சூரியன் பொறந்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் என்ன ஆகும்னு படமா வரையணும், தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம்.

வந்த தாள்கள்ல பெரும்பாலானது ஒரே மாதிரி. நெபுலா, அதுக்கப்புறம் நட்சத்திரம், அப்புறம் ரெட் ஜயன்ட், அப்புறம் சூப்பர்நோவா, கடைசில பிளாக் ஹோல், எல்லாம் ஒரே வரிசையா அம்புக்குறி போட்டு. அதாவது எல்லா நட்சத்திரமும் இந்த ஸ்டேஷன் எல்லாத்தையும் தாண்டிப் போற ஒரே ட்ரெயின்ல இருக்கற மாதிரி. சூரியனும் ஒருநாள் வெடிச்சு பிளாக் ஹோல் ஆயிடும்னு நிறைய பேரு உறுதியா நம்பிட்டு இருந்தாங்க.

இன்னொண்ணும் கவனிச்சோம். ரெட் ஜயன்ட்னு எழுதின இடத்துல பல பேரு "ரொம்ப சூடு" னு பக்கத்துல குறிச்சிருந்தாங்க. சிவப்புன்னா சூடு, தண்ணிக் குழாய்ல கூட சிவப்பு குமிழ் வெந்நீர், நீலம் பச்சத்தண்ணி. இதைத் தப்புன்னு ஒரு வார்த்தைல சொல்லிட்டா மனசுல நிக்காது, கையால செஞ்சு பாத்தாதான் மாறும்னு டீச்சருக்கு ஒரு அபிப்பிராயம். எனக்கும் அதேதான்.

ஆனா ஒரு ஒன்பதாவது பொண்ணு எழுதின வரிதான் மொத்த திட்டத்தையும் மாத்துச்சு. "எரிபொருள் தீர்ந்தால் சுருங்கத்தானே வேண்டும், ஏன் ஜயன்ட் ஆகிறது?" னு தாளோட ஓரத்துல எழுதி வச்சிருந்தா. இந்தக் கேள்விக்கு வழக்கமா காட்டற சார்ட் எதுலயும் பதில் கிடையாது, ஹைட்ரஜன் தீர்ந்ததும் நட்சத்திரம் விரிவடையும்னு ஒரு வரில தாண்டிப் போயிடுவாங்க.

## எடுத்த முடிவுகள்

எல்லா நிலையையும் சமமா சொல்றத விட்டுட்டு ரெண்டே விஷயத்துல நேரம் செலவழிக்கலாம்னு முடிவாச்சு. ஒண்ணு, பிறக்கறப்போ இருக்கற நிறைதான் வழியைப் பிரிக்குதுங்கறது. ரெண்டு, அந்தப் பொண்ணோட கேள்வி. சூப்பர்நோவா, நியூட்ரான் ஸ்டார், பிளாக் ஹோல் எல்லாம் பசங்களுக்கு ஏற்கனவே ஆர்வம் உள்ளது, அதுக்கு நாம தனியா இழுக்க வேண்டியதில்ல, கொஞ்சமா போதும்னு விட்டோம்.

ஒரு சார்ட்டை வச்சுப் பாடம் நடத்தறதும் வேண்டாம்னு ஆச்சு. ஒரே நட்சத்திரம் வளந்து முடியறதை யாரும் உக்காந்து பாக்க முடியாது, ஆனா வேற வேற வயசுல இருக்கற நட்சத்திரங்கள் ஜனவரி வானத்துல பக்கத்து பக்கத்துலயே இருக்கு. அதனால வகுப்பறைல கணக்கு, அடுத்தது மொட்டை மாடி.

## முதல் கூட்டம்: நிறையும் ஆயுசும்

நட்சத்திரம் நிலையா நிக்கறதுக்குக் காரணத்துலேர்ந்து ஆரம்பிச்சோம். கிராவிட்டி எல்லாத்தையும் நடுவுக்கு இழுக்குது, உள்ள இருக்கற சூடான வாயுவோட பிரஷர் வெளிய தள்ளுது, ரெண்டும் சமமா இருக்கறவரைக்கும் நட்சத்திரம் அப்படியே நிக்கும். சூரியனோட கோர்ல, அதாவது நடுப்பகுதில, சுமார் 1.5 கோடி டிகிரி, அந்தச் சூட்டுல ஹைட்ரஜன் சேந்து ஹீலியம் ஆகுது, இதுதான் ஃபியூஷன். ஒரு செகண்டுக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இதுல செலவாகுது. இந்த நிலைக்குப் பேரு மெயின் சீக்வென்ஸ், சூரியன் அதுல 460 கோடி வருஷம் கழிச்சாச்சு, மொத்தம் சுமார் 1000 கோடி வருஷம்.

அடுத்து கேள்வி. சூரியனை விட 10 மடங்கு நிறை உள்ள நட்சத்திரம் எவ்வளவு நாள் இருக்கும்? எல்லாரும் 10 மடங்கு அதிக நாள்னு சொன்னாங்க, எரிபொருள் 10 மடங்கு இருக்கேன்னு. அப்போ டீச்சர் போர்டுல ஒரு விதி எழுதினாங்க, நிறை 10 மடங்கானா பிரகாசம் சுமார் 3000 மடங்காகும். நிறை கூடினா கிராவிட்டி அதிகமா அழுத்துது, அதைத் தாங்க கோர் இன்னும் சூடா இருக்கணும், சூடு கூடினா ஃபியூஷன் பயங்கர வேகமா நடக்கும், அதனாலதான். அப்போ இருப்பு 10 மடங்கு, செலவு 3000 மடங்கு. 1000 கோடியை 10ஆல பெருக்கி 3000ஆல வகுத்தா சுமார் 3 கோடி வருஷம். பசங்களே வகுத்துப் பாத்தாங்க. ஒருத்தன் கால்குலேட்டரை ரெண்டு தடவை தட்டிட்டு "அண்ணா, அப்போ டைனோசர் காலத்துல இது பொறந்தே இருக்காதா?" ன்னான். டைனோசர் அழிஞ்சு 6.6 கோடி வருஷம் ஆச்சு, அதனால அவன் சொன்னது சரி. அந்த ஒரு வரி மத்த பசங்களுக்கு எங்க விளக்கத்தை விட நல்லா ஏறுச்சு.

மறுபக்கமும் போட்டுப் பாத்தோம். நமக்கு ரொம்பப் பக்கத்துல, 4.24 ஒளியாண்டு தூரத்துல இருக்கற ப்ராக்ஸிமா சென்டாரி ஒரு ரெட் ட்வார்ஃப், நிறை சூரியனோடதுல எட்டுல ஒரு பங்கு மாதிரி. அது அவ்வளவு சிக்கனமா எரியறதால லட்சம் கோடி வருஷக் கணக்குல ஓடும். பிரபஞ்சத்துக்கே 1380 கோடி வருஷம்தான் ஆகுதுங்கறதால இந்த மாதிரி நட்சத்திரம் எதுவும் இன்னும் வயசாகி முடிஞ்சதே இல்ல.

அதுக்கப்புறம்தான் போர்டுல கிளை பிரிச்சோம். சூரியனை விட சுமார் 8 மடங்குக்குள்ள நிறைன்னா, ரெட் ஜயன்ட் ஆகி வெளித்தோலைக் கழட்டி விட்டுட்டு, மிஞ்சற கோர் மட்டும் ஒயிட் ட்வார்ஃபா முடியும், ப்ராக்ஸிமா மாதிரி ரொம்பச் சின்ன ரெட் ட்வார்ஃப் மட்டும் ஜயன்ட் ஆகாமலே நேரா அங்க போகும்னு கணக்கு சொல்லுது. 8 மடங்குக்கு மேலன்னா ரெட் சூப்பர்ஜயன்ட், கோர்ல இரும்பு சேந்ததும் சூப்பர்நோவா, மிச்சம் நியூட்ரான் ஸ்டார், ரொம்ப நிறைன்னா பிளாக் ஹோல். நியூட்ரான் ஸ்டாருக்கும் பிளாக் ஹோலுக்கும் நடுவுல கோடு எங்கன்னு ஆராய்ச்சிலயே இன்னும் தெளிவா இல்ல, அதனால அங்க நம்பர் எழுதாம விட்டோம். ஒயிட் ட்வார்ஃப் சூரிய நிறைல சுமார் 1.4 மடங்குக்கு மேல தாங்காதுங்கறது சந்திரசேகர் லிமிட், அந்தக் கணக்கைப் போட்டவர் சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சவர், 1930ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போறப்போ போட்டாரு, 1983ல நோபல் பரிசுன்னு டீச்சர் சொன்னதும் பசங்க எழுதிக்கிட்டாங்க. சூரியன் பிளாக் ஹோல் ஆகாதுன்னதுல சில முகம் வாடுச்சு.

## ரெண்டாவது கூட்டம்: வீக்கமும் சிவப்பும்

இந்தக் கூட்டத்தை அந்த ஓரத்து வரிலேர்ந்தே ஆரம்பிச்சோம், எழுதினவளையே எழுந்து படிக்கச் சொல்லி.

அவ நினைச்சது பாதி சரிங்கறதுதான் இதுல அழகு. ஹைட்ரஜன் தீர்ந்ததும் சுருங்கத்தான் செய்யுது, ஆனா சுருங்கறது கோர் மட்டும். கோர்ல இப்போ ஹீலியம்தான் நிறைஞ்சிருக்கு, அந்தச் சூட்டுல ஹீலியம் எரியாது, தாங்கிப் பிடிக்க சக்தி வராததால கிராவிட்டி அதை அமுக்குது. அமுக்க அமுக்க அது இன்னும் சூடாகுது, சைக்கிள் பம்ப்ல காத்தை அமுக்கினா அடி சுடற மாதிரி. இப்போ அந்தச் சூடான கோரைச் சுத்தி ஒரு மெல்லிய ஷெல் இருக்கு, அதுல இன்னும் எரியாத ஹைட்ரஜன் இருக்கு. அந்த ஷெல் முன்னாடி கோர் எரிஞ்சதை விட வேகமா எரிய ஆரம்பிக்குது. ஆக எரிபொருள் "தீர்ந்த" நட்சத்திரம் முன்னை விட அதிகமா சக்தி வெளிய விடுது, அந்தச் சக்தி மேல இருக்கற லேயரை எல்லாம் வெளிய தள்ளி ஊதுது. உள்ள சுருக்கம், வெளிய வீக்கம், ரெண்டும் ஒரே நேரத்துல. கோர் சுருங்கிச் சுருங்கி 10 கோடி டிகிரி வந்ததும் ஹீலியம் சேந்து கார்பன் ஆக ஆரம்பிக்கும், அது அடுத்த கட்டம்.

"அப்போ மேல ஏன் சிவப்பு? அதிக சக்தி வருதுல்ல?" இது பின்னாடி பெஞ்சுலேர்ந்து வந்தது. அதுக்கு லேப்லேர்ந்து பேட்டரி எலிமினேட்டரும் பைக் ஹெட்லைட்டோட பழைய ஃபிலமென்ட் பல்பும் எடுத்துட்டு வந்தோம். ரூம் இருட்டாக்கி 2 வோல்ட்ல வச்சா கம்பி மங்கலா சிவப்பு, வோல்ட் ஏத்த ஏத்த ஆரஞ்சு, 12ல மஞ்சள் கலந்த வெள்ளை. சூடு கூடினா சிவப்புலேர்ந்து வெள்ளைக்குப் போகுதுன்னு கண்ணால பாத்தாச்சு. இதைத் தாண்டி நீலத்துக்கு இந்தப் பல்பால போக முடியாது, டங்ஸ்டன் 3,422 டிகிரி செல்சியஸ்ல உருகிடும், நீல நட்சத்திரத்துக்கு 10,000 டிகிரிக்கு மேல வேணும்.

மேற்பரப்பு ஏன் குளிருதுங்கறதுக்குக் கணக்கு. ரோகிணி, அதாவது ஆல்டெபரான், ஒரு ரெட் ஜயன்ட். ஆரம் சூரியனோடதுல சுமார் 44 மடங்கு, மொத்த பிரகாசம் சுமார் 440 மடங்கு. பரப்பளவு ஆரத்தோட வர்க்கம், அதனால ஒரே அளவு இடத்துக்கு எவ்வளவு சக்தி வருதுன்னா:

440 ÷ (44 × 44) = 0.23

மொத்தமா 440 மடங்கு பிரகாசம், ஆனா ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சூரியனை விட கால் பங்குக்கும் கம்மி, ஏன்னா பரவ வேண்டிய பரப்பு அவ்வளவு பெரிசாயிடுச்சு. இதுலேர்ந்து வெப்பநிலை வேணும்னா ரெண்டு தடவை வர்க்கமூலம் எடுக்கணும், ஒரு சதுர மீட்டர்லேர்ந்து வர்ற சக்தி வெப்பநிலையோட நாலாவது அடுக்குப்படி மாறும்ங்கறதால. 0.23க்கு ரூட் 0.48, அதுக்கு ரூட் 0.69. சூரியனோட மேற்பரப்பு 5,772 கெல்வின், 0.69ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 4,000. அளந்து சொல்றது சுமார் 3,900. ஒன்பதாவது பசங்க ரூட் பட்டனை ரெண்டு தடவை அமுக்கி ஒரு நட்சத்திரத்தோட சூட்டைக் கண்டுபிடிச்சுட்டாங்க, அன்னிக்கு அதுக்கு மேல எதுவும் நடத்த வேண்டியதா இருக்கல.

## மாடில

பிப்ரவரி ஆரம்பத்துல நிலா இல்லாத ஒரு சாயங்காலம், ஏழு மணிக்கு மேல. பள்ளிக்கூட வாசல் லைட்டை அணைக்கச் சொல்லி, கண்ணு பழக கால் மணி நேரம் சும்மா உக்கார வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சோம், அது இல்லன்னா கலர் வித்தியாசமே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஓரியன்ல பெல்ட் மூணு நட்சத்திரத்துக்குக் கீழ பைனாகுலர்ல புகை மாதிரி தெரியறது ஓரியன் நெபுலா, சுமார் 1,350 ஒளியாண்டு, அங்க இப்பவும் நட்சத்திரம் பொறந்துட்டு இருக்கு. பெல்ட்டுக்கு ஒரு பக்கம் ரைஜல், நீலம் கலந்த வெள்ளை, சுமார் 12,000 கெல்வின். இன்னொரு பக்கம் திருவாதிரை, அதாவது பெட்டல்ஜூஸ், ஆரஞ்சு, சுமார் 3,500. திருவாதிரையோட நிறை சூரியன் மாதிரி 15லேர்ந்து 20 மடங்குன்னு சொல்றாங்க, வயசு சுமார் ஒரு கோடி வருஷம்தான், அதுக்குள்ள கடைசி கட்டத்துக்கு வந்தாச்சு. முதல் கூட்டத்துல போட்ட கணக்கு இங்க நேரா நிக்குது.

"ஏற்கனவே வெடிச்சிருச்சுன்னு வாட்ஸப்ல வந்துச்சே" ன்னு ஒருத்தன். 2019 கடைசிலேர்ந்து 2020 பிப்ரவரி வரைக்கும் அது நல்லாவே மங்குச்சு, அப்போ கிளம்பின பேச்சு அது. அது வெளிய தள்ளின வாயு குளிர்ந்து தூசியாகி நம்ம பார்வையை மறைச்சதுதான் முக்கிய காரணம்னு பின்னாடி தெரிஞ்சுது, வெடிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. வெடிக்க இன்னும் ஒரு லட்சம் வருஷம் கூட ஆகலாம்.

அப்போ எட்டாவது பையன் ஒருத்தன் கேட்டது சுள்ளுன்னு இருந்துச்சு. "லேப் பல்பு 2,800 கெல்வின்தான் அண்ணா, அது மஞ்சளா வெள்ளையா தெரிஞ்சுது, இது 3,500, இது எப்படி சிவப்பு?" உண்மைல பல்பை விட திருவாதிரை சூடு அதிகம்தான். ரூம்ல வேற வெளிச்சம் இல்லாதப்போ நம்ம கண்ணு அந்தப் பல்பு வெளிச்சத்தையே வெள்ளைன்னு எடுத்துக்கும், வானத்துல பக்கத்துல ரைஜல் இருக்கறப்போ அதோட ஒப்பிட்டு இது சிவப்பு. அதே பல்பைத் தூரத்துல தெரியற எல்இடி லைட் பக்கத்துல வச்சுப் பாத்தா ஆரஞ்சாத்தான் தெரியும். ரெட் ஜயன்ட் எதுவும் குங்குமச் சிவப்பு கிடையாது, நெட்ல வர்ற படம்தான் அப்படி.

"இதெல்லாம் கோடிக்கணக்கான வருஷம்னா யாரு பாத்தா?" ன்னும் வந்துச்சு, வரணும்னு காத்துட்டு இருந்த கேள்வி. கார்த்திகையைக் காட்டினோம், அது ஒரு ஸ்டார் கிளஸ்டர், எல்லாம் ஒண்ணா பொறந்தது, வயசு சுமார் 10 கோடி வருஷம், அதுல பிரகாசமானது எல்லாம் நீலம். கொஞ்சம் தள்ளி ரோகிணி பக்கத்துல V மாதிரி இருக்கறது ஹயடிஸ், அது 60 கோடி வருஷத்துக்கு மேல வயசானது. அதுல அந்த மாதிரி நீல நட்சத்திரம் இல்ல, முன்னணில இருக்கறது ஆரஞ்சு ஜயன்ட்ஸ். ஒரே நேரத்துல பொறந்த கூட்டத்துல நிறை அதிகமானதுதான் முதல்ல மெயின் சீக்வென்ஸை விட்டுப் போகுதுன்னு இப்படித்தான் தெரிய வந்துச்சு. ரோகிணி அந்த V மேலயே இருந்தாலும் ஹயடிஸ்ல சேந்தது இல்ல, அது 65 ஒளியாண்டுல முன்னாடி நிக்குது, ஹயடிஸ் 150ல இருக்கு.

## அதுக்கப்புறம்

மூணு வாரம் கழிச்சு டீச்சர் அதே தாள் வேலையைத் திரும்ப குடுத்தாங்க, ஆனா இப்போ சூரியன், ரைஜல், ரோகிணி, ப்ராக்ஸிமா நாலுக்கும். சூரியனை பிளாக் ஹோலாக்கின தாள் ஒண்ணு ரெண்டுதான் இருந்துச்சு. ரெட் ஜயன்ட் பக்கத்துல "மேல குளிர், உள்ள சூடு" னு நிறைய பேரு எழுதியிருந்தாங்க. ப்ராக்ஸிமாவுக்கு ஒரு பொண்ணு நேரா ஒரு கோடு போட்டு தாளோட விளிம்பு வரைக்கும் இழுத்து விட்டிருந்தா.

ரோகிணிலதான் உதைச்சுது. கிட்டத்தட்ட பாதிப் பேரு அதை சூப்பர்நோவா கிளைல போட்டிருந்தாங்க. கேட்டா, "சூரியனை விட 44 மடங்கு பெரிசுல்ல, 8 மடங்கைத் தாண்டிடுச்சே". அதோட நிறை சூரியனை விடக் கொஞ்சம்தான் அதிகம், 44ங்கறது வீங்கின ஆரம். அது அமைதியா ஒயிட் ட்வார்ஃபா முடியப்போற நட்சத்திரம். முதல் கூட்டத்துல நிறையை வச்சு 8 மடங்கு, ரெண்டாவதுல ஆரத்தை வச்சு 44 மடங்கு, ரெண்டும் பசங்க மனசுல "பெரிசு" ங்கற ஒரே பெட்டிக்குள்ள போயிடுச்சு. பழைய குழப்பம் போன இடத்துல புதுசா ஒண்ணு, அதுவும் நல்லா கணக்கு போட்ட பசங்ககிட்டதான் அதிகமா இருந்துச்சு.

இதை சரி பண்ண ஒரே ஒரு எதிர் உதாரணம் போதுமானதா இருந்துச்சு. சிரியஸ் பக்கத்துல இருக்கற சிரியஸ் பி ஒரு ஒயிட் ட்வார்ஃப், நிறை கிட்டத்தட்ட சூரியன் அளவு, உருவம் பூமி அளவு. அதையும் ரோகிணியையும் போர்டுல பக்கத்துல வரைஞ்சு, ரெண்டுக்கும் நிறை ஏறக்குறைய ஒண்ணுதான்னு எழுதினதும் பாதிப் பேரு கேக்காமலே அழிச்சுத் திருத்திக்கிட்டாங்க.

## அடுத்த தடவை மாறப்போறது

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு அட்டை, அதுல முதல் நாள்லேர்ந்தே நிறையும் ஆரமும் தனித்தனி வரில இருக்கும், கிளை பிரிக்கறப்போ நிறை வரியை மட்டும் பாக்கணும்னு பழக்கறது. சிரியஸ் பியை கடைசில காப்பாத்த வர்ற ஆளா வைக்காம முதல் கூட்டத்துலயே கொண்டு வந்துடலாம்னு டீச்சர் சொல்றாங்க. பல்பு சோதனையை மாடிக்கு மாத்துறோம், ரைஜலும் திருவாதிரையும் கண்ணு முன்னாடி இருக்கறப்போ செஞ்சா அந்த எட்டாவது பையனோட கேள்வி சோதனைக்குள்ளயே வந்துடும்.

ஜூன்ல புது பேட்ச் சேர்றப்போ ஓரியன் இருக்காது, சூரியனோட போயிடும். அப்போ திருவாதிரை இடத்துல கேட்டை, அதாவது அன்டாரஸ், அதுவும் ரெட் சூப்பர்ஜயன்ட். நீலத்துக்கு சித்திரை நட்சத்திரம், அதாவது ஸ்பைகா. ரோகிணி கணக்குக்கு பதிலா சுவாதி, ஆரம் சுமார் 25 மடங்கு, பிரகாசம் சுமார் 170 மடங்கு, பசங்க போட்டா 4,200 கெல்வினுக்குக் கொஞ்சம் கீழ வரும், அளந்தது சுமார் 4,300. நெபுலாவுக்கு தனுசுல லகூன், அதுக்கு மட்டும் ராத்திரி கொஞ்சம் லேட் ஆகும், வீட்டுல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லணும்.